நகை எதைப் பார்க்கிறது

மும்பை மாதுங்கா கிழக்கில் இருக்கும் அண்ணாச்சியின் நகைக்கடைக்கு விளம்பரம் பற்றிப் பேச முதல்முறை போனபோது, அவர் மேசைமேல் ஒரு நோட்டுத்தாளை எடுத்து வைத்தார். விளம்பரத்தில் வர வேண்டிய நகைகளின் பட்டியல் அது. ஆரம், நெக்லஸ், வளையல், வங்கி, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி என்று போய் மொத்தம் 41 நகைகள். விளம்பரத்தின் நீளம் 30 விநாடி. கையில் இருந்த பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். படப்பிடிப்புக்கு ஒரே ஒரு நாள், கடைக்கு வார விடுமுறையான திங்கட்கிழமை.

அந்தப் பட்டியலின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைப் பெயரும் முகவரியும் படிக்க 4 விநாடியாவது வேண்டும். மிச்சம் 26 விநாடி. நம் ஊரில் விநாடிக்கு 25 பிரேம், ஆக 650 பிரேம். அதை 41 நகைகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 16 பிரேம்கூட முழுசாகக் கிடைக்காது. “ஒரு கண் சிமிட்டலுக்கு ஒரு நகை போகும் அண்ணாச்சி. பார்க்கிறவங்களுக்கு எதுவும் நினைவில் நிக்காது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ எத்தனை காட்டலாம் தம்பி?” என்றார். நான் ஒன்று என்றேன். பேரம் மூன்றில் முடிந்தது.

அந்த ஒன்று ஜிமிக்கி. யோசனை என்னுடையது அல்ல. கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியின் மருமகள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது. மும்பை லோக்கல் ரயிலில் ஏறி இறங்கும் நெரிசலில் ஒற்றை ஜிமிக்கியைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வரும் பெண்கள் அடிக்கடி வருவார்களாம். கடையின் பின்னறையில் இருக்கும் ஆசாரி அதைப் பார்த்து ஜோடி செய்து கொடுப்பார். கேட்டதும் கதை வேறு தேட வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. ஒரு பெண், ஒரு ஆசாரி, ஒரு ஜிமிக்கி, ஒரே கட்டடம். குறைந்த பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

ரயிலுக்குள் படம் பிடிக்க ரயில்வே அனுமதியும் கட்டணமும் வேண்டும். தெருவில் எடுப்பதற்கும் மாநகராட்சி, போலீஸ் என்று அனுமதிக்கு அலைய வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று, ஷாட்டுகளைக் கட்டம் கட்டமாகத் தாளில் போடும் கதைப்பலகையை வரையும்போதே முடிவு செய்தேன். முதல் ஷாட்டில் ஒரு காதும் அதில் ஆடும் ஜிமிக்கியும் மட்டும். பின்னால் ரயில் ஓடும் சத்தம். மும்பைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் போதும், ரயிலைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வசனமும் வைக்கவில்லை. யாரும் வாயசைத்துப் பேசாவிட்டால், பின்னணிக் குரலை மட்டும் மாற்றி மராத்தியிலும் இந்தியிலும் அதே படத்தை ஓட்டலாம். குரலுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: “ஒன்று போனால் என்ன, மற்றொன்று இருக்கிறதே. கொண்டு வாருங்கள். அதன் ஜோடியை நாங்கள் செய்து தருகிறோம்.” நிதானமாகப் படித்தால் 8 விநாடி. அப்புறம் கடைப் பெயர். மிச்ச நேரத்தை ரயில் சத்தமும், ஜிமிக்கியின் சிணுங்கலும், ஆசாரியின் சுத்தியல் தட்டலும் பார்த்துக்கொள்ளும்.

கதைப்பலகையை நான் ஏ4 தாளைக் குறுக்காக வைத்து வரைகிறேன். ஒரு தாளுக்கு மூன்று கட்டம்தான். படம் அழகாக வர வேண்டியதில்லை. என் மனிதர்களுக்குத் தலை முட்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயம் தவறாமல் இருக்கும். ஒன்று, கட்டத்தின் நடுவில் செங்குத்தாக இரண்டு பென்சில் கோடு. இதே விளம்பரம் போனில் நெட்டுக்குத்தாகவும் ஓடப்போகிறது. அகலத் திரையிலிருந்து நெட்டுக்குத்துப் படத்தை வெட்டி எடுத்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். 4கே அளவில் எடுத்தால் அந்தத் துண்டிலும் போனுக்கு வேண்டிய தெளிவு இருக்கும், அதில் கவலை இல்லை. ஆனால் அந்த இரண்டு கோட்டுக்கு வெளியே போய்விட்ட நகை போனில் கிடையாது. அண்ணாச்சி கேட்ட ஆரத்தை முதலில் நான் மேசைமேல் குறுக்காகப் பரத்தி வரைந்திருந்தேன். கோடு போட்டதும் நடுப் பதக்கம் மட்டும் உள்ளே நின்றது, இரண்டு பக்கச் சரமும் காணாமல் போயின. அதனால் ஆரத்தைத் தொங்கவிட்டு வரைந்தேன்.

இரண்டாவது விஷயம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கட்டத்தின் வலது பக்கத்தில், மேலிருந்து பார்ப்பது போல ஒரு சின்ன வரைபடம் போடுவேன். நகை எங்கே, கேமரா எங்கே, விளக்கு எங்கே என்பதோடு, நகைக்கு எதிரில் என்ன இருக்கிறது என்பதையும் குறிப்பேன். ஏனென்றால், மெருகேற்றிய தங்கம் பெரும்பாலும் தன் எதிரில் இருப்பதைத்தான் திருப்பிக் காட்டுகிறது. கதைப்பலகையில் நகையை எவ்வளவு நன்றாக வரைந்தாலும் பயன் குறைவு. அந்த நகை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை வரைந்தால்தான் படப்பிடிப்பு நாளில் நேரம் மிஞ்சும்.

ஜிமிக்கியின் குடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கவிழ்த்து வைத்த ஒரு குட்டிக் கிண்ணம். வெளிப்புறம் முழுக்கக் குவிந்த கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. கடையின் கூரை விளக்குகள் அத்தனையும் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கேமரா தெரியும், கேமராமேனின் கட்டம் போட்ட சட்டை தெரியும், தெருவைப் பார்க்கும் கண்ணாடிக் கதவு நீலப் பட்டையாகத் தெரியும். கண்ணால் பார்க்கும்போது இவற்றை நாம் கவனிப்பதில்லை. மேக்ரோ லென்ஸில் திரை முழுக்க வரும்போது வேறெதுவும் கண்ணில் படாது.

இதற்குப் பலர் செய்வது, நகையைச் சுற்றி நாலா பக்கமும் வெள்ளைத் துணியால் கூடாரம் போடுவது. பிரதிபலிப்பு ஒழிந்துவிடும், உண்மைதான். கூடவே தங்கமும் ஒழிந்துவிடும். எல்லாப் பக்கமும் வெள்ளையைப் பார்க்கும் குடைக்கு வளைவே தெரியாது, மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி தட்டையாக நிற்கும். வளைவு தெரிய வேண்டுமானால் குடை ஒரு பக்கம் வெளிச்சத்தையும் இன்னொரு பக்கம் இருட்டையும் பார்க்க வேண்டும். அதனால் என் வரைபடத்தில் இப்படி இருந்தது: ஜிமிக்கிக்கு இடப்பக்கமும் கொஞ்சம் மேலேயும், இரண்டடிக்கு மூன்றடிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய டிரேசிங் பேப்பர், அதற்குப் பின்னால் விளக்கு. வலப்பக்கம் ஒரு சாண் அகலக் கறுப்பு அட்டை. கறுப்புக்கு அப்பால் விரலளவு வெள்ளை அட்டை, குடையின் வலது ஓரம் இருட்டில் கரைந்துவிடாமல் மெல்லிய கோடு விழுவதற்கு. கேமராவுக்கு முன்னால் லென்ஸ் மட்டும் நுழையும் ஓட்டை போட்ட கறுப்புத் துணி. இந்தச் சாமான்களில் விளக்கைத் தவிர மற்றதெல்லாம் ஸ்டேஷனரிக் கடையிலும் துணிக்கடையிலும் 600 ரூபாய்க்குள் கிடைத்துவிட்டன.

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, அதேபோல ஒரு திங்கட்கிழமை, அதே நேரத்துக்குக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தோம். கேமராமேன் நண்பரும் நானும் அவருடைய கேமராவும் மட்டும். அந்த ஒரு மணி நேரம் மூன்று தவறுகளைக் காட்டிக்கொடுத்தது.

முதல் தவறு, புடவை. பெண்ணுக்கு அரக்குச் சிவப்பு என்று எழுதி வைத்திருந்தேன், நகை விளம்பரம் என்றாலே கை தானாகச் சிவப்பைத்தான் எழுதுகிறது. மருமகள் ஒரு பொம்மைக் கழுத்தில் மூன்று புடவைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். காதிலிருந்து தோள் நான்கு விரல்கடைதான் கீழே இருக்கிறது. ஜிமிக்கியின் அடிப்பகுதி முழுக்கத் தோள் துணியைத்தான் பார்க்கிறது. சிவப்புத் துணிக்கு மேலே தங்கம் செம்பு மாதிரி இருந்தது. கரும்பச்சைக்கு மேலே பழைய பித்தளை. சந்தன நிறப் பருத்திப் புடவைக்கு மேலேதான் தங்கம் தங்கமாக நின்றது. மூன்று போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அண்ணாச்சியே சந்தன நிறத்தைத் தொட்டுவிட்டார். மிக நெருக்கமான கட்டம் போட்ட துணியாக மட்டும் இருக்கக் கூடாது. கேமராவில் அது அலையலையாக நெளியும்.

இரண்டாவது, கூரை விளக்குகள். ஜிமிக்கி ஆடும் ஷாட்டை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று விநாடிக்கு 120 பிரேமில் எடுக்கத் திட்டமிட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க வெளிச்சம் துடித்தது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவான எல்.இ.டி விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். முன்பு வேறொரு கடைக்கு எடுத்த விளம்பரத்தில் இதை எடிட்டிங்கில்தான் கண்டுபிடித்தோம், அப்போது திரும்பிப் போய் எடுக்க நாள் இல்லை. இந்த முறை, கூரை விளக்குகளை அணைத்துவிட்டு எங்கள் விளக்கில் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தோம். பின்னணிக்காக ஒன்றிரண்டு எரிந்தே ஆக வேண்டிய இடத்தில் 50 பிரேம், ஷட்டர் 1/100. அப்போது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சத்தின் ஒரு முழுத் துடிப்பு கிடைத்துவிடுவதால் துடிப்பு தெரியாது. பாதி வேகம்தான் கிடைக்கும், ஜிமிக்கிக்கு அது போதும். உங்கள் கடையில் இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கேமராகூடத் தேவையில்லை. போனில் ஸ்லோமோஷனில் கூரையை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மூன்றாவது தவறைச் சொன்னது ஆசாரி. அவரிடம் கதைப்பலகையைக் காட்டினேன். ஊதுகுழலில் நெருப்பு, பற்ற வைக்கும் கம்பி, அடுத்த கட்டத்தில் பளபளவென்று ஜோடி ஜிமிக்கி. அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, நெருப்புல இருந்து வர்ற பொன்னு கறுத்துத்தான் வரும். இப்படிப் போட்டா, வேலை தெரிஞ்சவன் சிரிப்பான்” என்றார். தங்கத்தோடு கலந்திருக்கும் செம்பு சூட்டில் கறுத்துவிடுகிறது. அமிலத்தில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் மஞ்சள் வெளியே வரும். அவர் சொன்னதுமே எனக்குக் கட்டம் தெரிந்துவிட்டது. பூந்திக்கொட்டை நுரைக்குள்ளிருந்து ஜிமிக்கி மஞ்சளாக வெளியே வருவது. மூன்றாவது வேலைக் கட்டத்தை அழித்துவிட்டு அதையே வரைந்தேன். முழு விளம்பரத்திலும் எனக்கு அதிகம் பிடித்த ஒன்றரை விநாடி அதுதான்.

அண்ணாச்சிக்கு இன்னொரு ஆசை இருந்தது. ஹால்மார்க் முத்திரையைத் திரை முழுக்கக் காட்ட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி குறியோடுதான் ஹால்மார்க் நகையை விற்க முடியும் என்பதால், அதைக் காட்டினால் நம்பிக்கை வரும் என்றார். அவர் நினைப்பது நியாயம்தான். ஆனால் ஜிமிக்கியில் அந்த முத்திரை லேசரால் பொறித்த கடுகளவு எழுத்து. அதைப் படிக்கும்படி எடுக்கத் தனி லைட்டிங், படிக்க வைக்கத் திரையில் 2 விநாடி. அதோடு, அந்த எண் அந்த ஒரு நகைக்கே உரியது. நாளைக்கு அதை வாங்கிக்கொண்டு போகிறவரின் நகை எண்ணை விளம்பரத்தில் ஓட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசி அட்டையில் ‘916 ஹால்மார்க் நகைகள்’ என்று எழுத்தில் போடுவது என்று பேசி முடித்தோம்.

இப்படித் திருத்தித் திருத்திக் கடைசியில் நின்ற கதைப்பலகையில் 12 ஷாட்டும் ஒரு அட்டையும். முதலில் இடது காதில் ஆடும் ஜிமிக்கி, 3 விநாடி. வலது காதைத் தடவும் விரல், காது காலி, 2 விநாடி. கண்ணாடிக் கதவைத் திறந்து பெண் உள்ளே வருவது 3. கவுண்டர்மேல் கைக்குட்டை முடிச்சு அவிழ்வது, உள்ளே ஒற்றை ஜிமிக்கி, இதுவும் 3. பூதக்கண்ணாடி வழியாக ஆசாரியின் கண் 2. அப்புறம் வேலை மூன்று துண்டாக 5 விநாடி: கம்பி வளைவது, நெருப்பு, நுரை. ஜோடியாக ஆடும் இரண்டு ஜிமிக்கி 2.5. நிலைக்கண்ணாடியில் பெண் இரண்டாவது ஜிமிக்கியை மாட்டிக்கொள்வது 3. அண்ணாச்சியின் ஆரத்துக்கு 1.5, வைர மூக்குத்திக்கு 1. அட்டைக்கு 4. கூட்டினால் 30.

இந்தக் கட்டங்களைப் போனில் படம் பிடித்து, அந்தந்த நீளத்துக்கு வரிசையாக ஒட்டி, குரலை நானே பேசி வைத்து ஓட்டிப் பார்த்தேன். கதவைத் திறக்கும் ஷாட் தாளில் 2 விநாடியாக இருந்தது. ஓட்டிப் பார்த்தபோதுதான் அவள் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் வெட்டிவிடுகிறோம் என்று தெரிந்தது. ஆரத்திடமிருந்து ஒரு விநாடியை எடுத்துக் கதவுக்குக் கொடுத்தேன். படம் எடுத்த பிறகு செய்யும் இந்த வகைப் பேரத்தில் வேண்டிய காட்சி கையில் இருக்காது. தாளில் செய்யும்போது ரப்பர் போதும்.

அடுத்து ஷாட் பட்டியல். கதைப்பலகை, பார்க்கிறவர்கள் எந்த வரிசையில் பார்ப்பார்கள் என்று சொல்கிறது. ஷாட் பட்டியல் நாங்கள் எந்த வரிசையில் எடுப்போம் என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த நாள் வீண்தான். நகைப் படப்பிடிப்பில் நேரம் தின்பது விளக்கு மாற்றுவது. ஒரு அமைப்பைக் கலைத்து அடுத்ததைப் போட எங்களைப் போன்ற மூன்று பேர் குழுவுக்கு 45 நிமிடம் ஆகிறது. எனவே முதல் வேலை, ஒரே வெளிச்சத்தில் எடுக்கக்கூடிய ஷாட்டுகளை ஒரு கூடையில் போடுவது.

நான்கு கூடை வந்தது. கண்ணாடிக் கதவு வழியாக வரும் காலை வெளிச்சத்தில் கதவு, இரண்டு காதுகள், நிலைக்கண்ணாடி. டிரேசிங் பேப்பர் வெளிச்சத்தில் கைக்குட்டை, ஜோடி ஜிமிக்கி, ஆரம். சின்ன விளக்கில் மூக்குத்தி தனியாக. பின்னறை இருட்டில் ஆசாரியின் நான்கு ஷாட்.

சரி, கூடை போட்டாகிவிட்டது, அப்படியே எடுத்துவிடலாமா என்றால் முடியாது. பெண்ணுக்குக் காலை 7 முதல் மதியம் 1 வரை அரை நாள் சம்பளம்தான் பேசியிருந்தோம். அவள் வரும் ஷாட்டுகள் ஐந்து, அதில் நான்கு காலை வெளிச்சக் கூடையில், ஒன்று டிரேசிங் பேப்பர் கூடையில். அதனால் கைக்குட்டையை அந்தக் கூடையின் முதல் ஷாட்டாக வைத்தேன். அதை முடித்துவிட்டு அவள் கிளம்பலாம், விளக்கை அசைக்காமல் நாங்கள் அதே மேசையில் ஜோடி ஜிமிக்கியைத் தொடரலாம். காலைக் கூடைக்குள்ளும் கதவுதான் முதல், தெருவில் கூட்டம் சேர்வதற்கு முன்னால். காதுகளை அடுத்து எடுத்தோம். நிலைக்கண்ணாடி கடைசி, அதற்கு நேர் வெளிச்சம் தேவையில்லை.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேராக நான் எழுதுவது, ஷாட் எண், லென்ஸ், விளக்குக் கூடை, திரையில் எத்தனை விநாடி, எடுக்க எத்தனை நிமிடம், லாக்கரிலிருந்து வர வேண்டிய நகை. அப்புறம் தொடர்ச்சிக் குறிப்பு. இந்தக் கதையில் எது காலியான காது என்பது குழம்பினால் எல்லாமே போச்சு. ‘வலது காது காலி, மூக்கு திரையின் வலப்பக்கம் பார்க்க வேண்டும்’ என்று இரண்டாவது ஷாட்டில் பெரிய எழுத்தில் இருந்தது. நிலைக்கண்ணாடி ஷாட்டில் அதே வலது காது கண்ணாடிக்குள் திரையின் வலப்பக்கம் நிற்கும். நேருக்கு நேர் எடுத்தால் இடப்பக்கம் வந்திருக்கும். அன்று காலை உதவியாளர் இதில் தடுமாறினார், பட்டியலைப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. கண்ணாடிக்குள் கேமரா தெரியாமலிருக்க அதன் கீழ் விளிம்பில் மடித்த அட்டையைச் செருகி ஒரு விரல் சாய்த்தோம்.

லாக்கர் நிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகைகளை மொத்தமாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டு படம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நகையும் தன் ஷாட்டுக்கு முன்புதான் வெளியே வரும். மருமகள் எடை போட்டு, நோட்டில் எழுதி, என் கையெழுத்து வாங்குவார். திரும்பும்போது மறுபடி எடை. ஜிமிக்கி மட்டும் இரண்டு தரம் வெளியே வருவதால் மூன்று நகைகளுக்கு இது எட்டு முறை, முறைக்கு ஐந்து நிமிடம். அந்த 40 நிமிடத்தைப் பட்டியலில் எழுதாமல் விட்டால் அது சாப்பாட்டு நேரத்தைத்தான் தின்னும்.

அன்று கணக்குத் தப்பிய ஷாட் ஒன்றே ஒன்று, ஜோடி ஜிமிக்கி. 45 நிமிடம் எழுதியிருந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. காரணம் தூசி. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த ஜிமிக்கி மேக்ரோவில் பஞ்சுக் கடைக்குள் போய் வந்தது மாதிரி இருந்தது. பருத்திக் கையுறை போட்டு, ஊதும் பிரஷ்ஷால் ஊதி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, ஒரு டேக் எடுப்பதற்குள் அடுத்த தூசி வந்து உட்கார்ந்தது. மின்விசிறியை அணைத்தோம், ஏசியை அணைத்தோம். அடுத்தது, இரண்டையும் ஒரே சமயத்தில் ஆட வைப்பது. கையால் தட்டினால் விரல் நிழல் குடையில் விழுகிறது. நூல் கட்டினால் நூல் தெரிகிறது. கடைசியில் இளநீர்க் கடையிலிருந்து இரண்டு உறிஞ்சுகுழாய் வாங்கி வந்து, கறுப்பு அட்டைக்குப் பின்னாலிருந்து உதவியாளர் மெல்ல ஊதினார். ஊதியவுடன் வரும் முதல் ஆட்டம் முரட்டுத்தனமாக இருக்கும். மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில்தான் இரண்டும் ஒரு தாளத்துக்கு வருகின்றன. அந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். அப்படியே குடையின் இடப்பக்கம் வெளிச்சமாகவும் வலப்பக்கம் இருட்டாகவும், வலது ஓரத்தில் அந்த மெல்லிய வெள்ளைக் கோடு ஆட்டத்தோடு ஏறி இறங்குவதும் மானிட்டரில் தெரிந்தபோது யாரும் பேசவில்லை.

போன 45 நிமிடத்தை மூக்குத்தியும் ஆரமும் சேர்ந்து திருப்பிக் கொடுத்தன. ஆரத்துக்கு வெளிச்சம் தயாராகவே இருந்தது. மூக்குத்திக்கு நேர்மாறான அமைப்பு. தங்கத்துக்கு நல்லதைச் செய்த டிரேசிங் பேப்பர் வைரத்தைக் கொன்றுவிடும், கல் சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்கும். வைரம் மின்ன வேண்டுமானால் சுற்றிலும் இருட்டு வேண்டும், நடுவில் சின்னப் புள்ளி வெளிச்சம் வேண்டும், அந்தப் புள்ளி நகர வேண்டும். கல்லை அசைத்தால் ஃபோகஸ் போய்விடும். அதனால் மூக்குத்தியை மெழுகுத் துளியில் நிறுத்திவிட்டு, உதவியாளர் போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நகர்த்தினார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பத்து விநாடித் துண்டையும் அன்றே மனதில் வைத்திருந்தோம். டிவியில் விளம்பர நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாகத்தான் விலை பேசுகிறார்கள். பண்டிகை முடிந்த பிறகு அண்ணாச்சியால் 30 விநாடியை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. கைக்குட்டை, ஜோடி, அட்டை, இந்த மூன்றை மட்டும் ஒட்டினாலே கதை விளங்கிவிடுகிறது. அதனால் கைக்குட்டை முடிச்சு அவிழ்வதை வேகமாக ஒரு முறை, மெதுவாக ஒரு முறை என்று இரண்டாக எடுத்தோம். தியேட்டரில் போடுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது, அதற்கான நாட்களைப் பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் படப்பிடிப்புத் தேதியையே குறித்தோம்.

ஆசாரியின் ஷாட்டுகள் மாலை நான்கு மணிக்கு மேல். பின்னறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினோம், நெருப்பின் நீலம் வெளிச்சத்தில் தெரியாது. அவர் செய்துகொண்டிருந்த வேறொரு வேலையைத்தான் கம்பிக்கும் நெருப்புக்கும் எடுத்தோம். எங்களுக்காக நடிக்க வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு காத்திருந்தோம். கடைசி ஷாட் நுரை. அதற்கு மட்டும் ஜோடி ஜிமிக்கி மறுபடி லாக்கரிலிருந்து வந்தது. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தரம் நனைந்துவிட்டால் நீர்த் திட்டு காய்ந்து போக வெகு நேரமாகும், மேக்ரோ எடுக்க முடியாது. பித்தளைக் கிண்ணத்தில் பூந்திக்கொட்டை நுரை, அதற்குள் ஆசாரியின் இரண்டு விரல், விரலுக்கு நடுவில் மஞ்சளாகக் குடை வெளியே வருகிறது. மூன்று டேக். மூன்றாவதில் ஒரு நுரைக் குமிழி குடையின் விளிம்பில் தொங்கி உடைந்தது.

விளக்குகளை அணைத்தபோது மணி ஏழு தாண்டியிருந்தது. மருமகள் ஜிமிக்கியைத் தராசில் வைத்தார். காலையில் நோட்டில் 9.640 கிராம் என்று இருந்தது, தராசு 9.682 காட்டியது. அவர் நிமிர்ந்து ஆசாரியைப் பார்த்தார். “உள்ள தண்ணி நிக்குதும்மா” என்று ஆசாரி அதை வாங்கி, குடையைக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, துணியின் மூலையைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு எடுத்தார். விளக்கின் சூட்டருகே கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு மறுபடி தராசில் வைத்தார். 9.640. மருமகள் நோட்டில் நேரத்தை எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.